பையனுக்குப் பெண்கள் வரிசையைக் காட்டி 8,000 ரூபாய் வாங்கினார்கள்

ஜேஇஇ மெயின் எழுதிவிட்டு ஜோசா கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். போன ஆண்டு கட்‑ஆஃப் பட்டியல் என்று யாராவது வாட்ஸப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், அதை வைத்துக் கல்லூரி தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு முறை இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் நாகப்பட்டினம். என் மகனுக்கு ஜேஇஇ மெயினில் பொதுத் தரவரிசை 29,400‑ஐ ஒட்டி வந்தது. ஓபிசி தரவரிசை 8,900 சொச்சம். இரண்டு எண்ணும் ஒரே மதிப்பெண் அட்டையில்தான் இருந்தன. எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் என்ஐடி பக்கம் போனதில்லை. பக்கத்து ஊரில் ஒரு ஆலோசனை மையம் இருக்கிறது, நன்றாகப் பார்த்துச் சொல்வார்கள் என்று தெரிந்தவர் சொன்னார். 8,000 ரூபாய் கட்டினோம்.

மறுநாளே ஒரு பிடிஎஃப் வந்தது. முழுக்க ஸ்கிரீன்ஷாட்கள். கல்லூரிப் பெயர், பாடப்பிரிவு, கடைசியில் ஒரு எண். சில வரிசைகளுக்கு நீல நிறம் அடித்திருந்தார்கள். "அம்மா, நீலத்துல இருக்கிறது எல்லாம் தம்பிக்குக் கிடைச்சுடும். அவன் ரேங்க் 29,400, இங்க பாருங்க 31,000 வரைக்கும் போயிருக்கு" என்றார் அங்கிருந்தவர். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சொன்ன 18 கல்லூரிகளையும் அவர் சொன்ன வரிசையிலேயே போட்டுப் பூட்டினோம்.

முதல் சுற்று வந்தது. பட்டியலின் மேலே இருந்த 12 கல்லூரிகளில் ஒன்றுகூட வரவில்லை. 13‑ஆவதாகப் போட்டிருந்த வடகிழக்கு என்ஐடி ஒன்றில் சிவில் கிடைத்தது. கடைசிச் சுற்று வரை அப்படியே நின்றது.

அதன் பிறகுதான் என் மகன் josaa.nic.in தளத்தில் முந்தைய ஆண்டு தரவரிசைகளைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டான். அசல் பட்டியலில் கல்லூரிக்கும் பாடப்பிரிவுக்கும் அடுத்து `Quota`, `Seat Type`, `Gender` என்று மூன்று பத்திகள் இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் `Opening Rank`, `Closing Rank`. எங்களுக்கு வந்த ஸ்கிரீன்ஷாட்களில் நடுவில் இருந்த அந்த மூன்று பத்திகளையும் வெட்டிவிட்டு ஒட்டியிருந்தார்கள். அந்த மூன்றும் இல்லாமல் கடைசி எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். பட்டியலில் முதலாவதாக இருந்தது ஒரு வடமாநில என்ஐடியின் ஈசிஇ. நீல நிறம் அடித்த 31,000, `Female-only (including Supernumerary)` என்ற வரிசையில் இருந்த எண். பெண்களுக்கு மட்டுமான இடங்கள் அவை. அதே ஈசிஇக்கு ஆண், பெண் இருவருக்கும் பொதுவான `Gender-Neutral` வரிசை 22,000‑ஐ ஒட்டி முடிந்திருந்தது. என் மகன் 29,400. ஏழாயிரம் பேர் தள்ளி நிற்கிற பையனிடம் "கிடைச்சுடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஏழு வரிசைகள்.

இன்னும் ஐந்து, வேறு மாநிலங்களின் `HS` வரிசை. என்ஐடிகளில் பாதி இடம் அந்த மாநிலப் பிள்ளைகளுக்கு, அது `HS`. மீதிப் பாதி மற்ற மாநிலத்தவருக்கு, அது `OS`. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் முடித்தோமோ அதுதான் சொந்த மாநிலம். எங்களுக்கு மனம் ஆறாத இடம் காரைக்கால். வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், தினமும் வீட்டுச் சாப்பாடு சாப்பிடுவான் என்று அவன் பாட்டி அவ்வளவு ஆசைப்பட்டார். ஆனால் அது புதுச்சேரி என்ஐடி. காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. நாகப்பட்டினத்தில் படித்த பையனுக்கு அங்கே `OS` வரிசைதான். புதுச்சேரியில் தேர்வு எழுதுகிறவர்கள் குறைவு என்பதால் `HS` வரிசை வெகு தூரம் தள்ளி முடிகிறது. அந்த எண்ணைக் காட்டித்தான் பாட்டிக்கு ஆசை காட்டினார்கள். தமிழ்நாட்டில் படித்த பிள்ளைக்கு `HS` என்று இருக்கும் என்ஐடி திருச்சி ஒன்றுதான்.

கிடைக்காததைக் கிடைக்கும் என்று சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கிடைக்கக்கூடியதை அடித்துவிட்டார்களே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இன்னொரு என்ஐடியில் எலக்ட்ரிக்கல் பிரிவு, `OS`, `OBC-NCL`, `Gender-Neutral`. முடிந்த எண் 9,700. அந்த வரிசை மேல் சிவப்புக் கோடு போட்டு, "ஓபிசி 9,700லயே முடிஞ்சுடுச்சு, தம்பி 29,400, வாய்ப்பே இல்லை" என்று எழுதியிருந்தார்கள். `OPEN` வரிசையில் இருப்பது பொதுத் தரவரிசை. `OBC-NCL` வரிசையில் இருப்பது ஓபிசிக்குள் எத்தனையாவது என்ற தரவரிசை. 9,700‑ஐ ஒப்பிட வேண்டியது அவனுடைய 8,900‑உடன். முந்தைய ஆண்டு அளவிலேயே முடிந்திருந்தால் அவனுக்குக் கிடைத்திருக்கும். அவன் எழுதிய ஆண்டின் பட்டியலையும் பார்த்தோம், அதே வரிசை அவன் எண்ணைத் தாண்டித்தான் முடிந்திருந்தது. பட்டியலில் சேர்த்திருந்தால் போதும். ஒரு கல்லூரியை ஒரு தடவை போட்டாலே `OPEN` இடத்துக்கும் ஓபிசி இடத்துக்கும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், கூடுதலாகப் போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை. 18 போதும் என்று ஏன் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பூட்டிய பிறகு அடுத்த சுற்றில் புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் முடியாது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். ஓபிசி எண்ணை நம்பிப் போடுகிறவர்கள் சான்றிதழைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி‑என்சிஎல் சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1‑இலோ அதற்குப் பிறகோ வாங்கியதாக இருக்க வேண்டும்.

நேரில் போய்க் கேட்டேன். "போன வருஷ டேட்டாதானே அம்மா, முன்னே பின்னே இருக்கும்" என்றார்கள். ஆண்டுக்கு ஆண்டு எண் ஆயிரம், இரண்டாயிரம் நகரும், அது எனக்கும் தெரியும். ஆனால் பையனுக்குப் பெண்கள் வரிசை எந்த ஆண்டிலும் பொருந்தாது. பணத்தைத் திருப்பித் தரவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது இன்னொரு அம்மாவைப் பார்த்தேன். அவர் மகளுக்கும் கிட்டத்தட்ட என் மகனுடைய அதே எண்தான். அவர் போனில் இருந்த பிடிஎஃப்பைக் காட்டினார். அதே நீல நிறம், அதே வரிசைகள். எல்லோருக்கும் ஒரே கோப்பைத்தான் விற்றிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்த ஈசிஇ கிடைத்துவிட்டது. வாசலில் வைத்திருக்கும் பேனரில் இப்போது அவள் படம் இருக்கிறது.

இந்த ஆண்டு எதிர்வீட்டுப் பெண் எழுதியிருக்கிறாள். அவள் அப்பா நேற்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு வந்தார். என் மகன் லீவில் வந்திருக்கிறான். தளத்தைத் திறந்து, கடைசிச் சுற்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வரிசையிலும் `Quota`, `Seat Type`, `Gender` மூன்றையும் விரல் வைத்துப் படித்துக் காட்டிவிட்டுத்தான் எண்ணுக்குப் போனான். அவர் கொண்டுவந்த பத்து கல்லூரிகளில் நான்கை அடித்தார்கள், அதில் இல்லாத ஒன்பதைச் சேர்த்தார்கள்.