ஆறு வருடமாகத் தானாக டிக் போடும் வசதி: வித்தியாசம் பூஜ்யம், கணக்கு தப்பு

கரூரில் புதிதாகக் கடை போட்டிருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஏற்றினால் கணக்கு மென்பொருளே நம் ஏட்டோடு ஒப்பிட்டு டிக் போட்டு முடித்துவிடுமாமே, அதை ஆன் பண்ணட்டுமா?" ஈரோட்டில் ஒரு எலெக்ட்ரிகல் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அந்த வசதியை ஆறு வருடமாகப் பயன்படுத்துகிறேன். போனில் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வங்கிக் கணக்கின் ஒவ்வொரு என்ட்ரிக்கும் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் இருக்கும். வங்கியில் அது பாஸ் ஆன தேதியை அதில் போட வேண்டும். தேதி விழுந்துவிட்டால் அந்த என்ட்ரி முடிந்தது. காலியாக இருந்தால் பாக்கி, அடுத்த மாதமும் அதுவாகவே வந்து நிற்கும். முன்பெல்லாம் சிவப்புப் பென்சிலால் டிக் அடித்து, டிக் இல்லாதவற்றை மாதாமாதம் வேறு தாளில் எழுதிக்கொண்டு வருவேன். ஒரு வரி விட்டுப்போனால் ராத்திரி முழுக்கத் தேடல்தான். அந்தக் காலிக் கட்டத்துக்காகவே இந்த மென்பொருளை நான் விடமாட்டேன்.

2023 அக்டோபர் கடைசியைப் பாருங்கள். எங்கள் ரொக்க ஏட்டில் வங்கி இருப்பு 3,12,480 ரூபாய். ஸ்டேட்மென்ட்டில் 3,29,120. வித்தியாசம் 16,640. ஸ்டேட்மென்ட்டை ஏற்றியதும் பொருந்தியவை மறைந்து, பொருந்தாதவை மட்டும் இரண்டு பக்கமும் நின்றன.

அவற்றில் நான்கு, நாங்கள் ஏட்டில் எழுதியிருக்க வேண்டியவை. ஒரு பார்ட்டி கொடுத்த 12,750 ரூபாய் செக் ரிட்டர்ன் ஆகியிருந்தது. அதற்கு வங்கி பிடித்த கட்டணம் 500, அதன் மேல் ஜி.எஸ்.டி. 90. இன்னொரு பார்ட்டி சொல்லாமலே நெஃப்ட்டில் 9,840 போட்டிருந்தார். நான்காவது என் கைத்தவறு: நாங்கள் கொடுத்த 6,840 ரூபாய் செக்கை 6,480 என்று எழுதியிருந்தேன். கையால் பார்த்த நாட்களில் 360 இடிக்கிறது என்று மட்டும்தான் தெரியும். அது 9-ஆல் வகுபடுவதால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று ஊகித்து ஒவ்வொரு வரியாகத் தேடுவோம். இங்கே 6,480 ஒரு பக்கமும் 6,840 எதிர்ப் பக்கமுமாக, ஒரே செக் எண்ணோடு நின்றன. பார்த்த உடனே தெரிந்தது.

இந்த நான்கையும் எழுதியதும் ஏட்டு இருப்பு 3,08,620 ஆனது. மிச்சம் இருந்தவை ஏட்டில் ஏற்கனவே இருப்பவை; அவற்றுக்குப் புதிதாக எதுவும் எழுதக் கூடாது, வங்கியில் பாஸ் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். நாங்கள் கொடுத்து இன்னும் பாஸ் ஆகாத செக்குகள் 18,500-ம் 24,000-ம். ஏட்டு இருப்போடு இவற்றைக் கூட்ட வேண்டும். 31-ஆம் தேதி சாயங்காலம் பெட்டியில் போட்டு வரவாகாத செக் 22,000. இதைக் கழிக்க வேண்டும். கடைசியில் 3,29,120 அப்படியே வந்தது. நாற்பது நிமிடத்தில் முடிந்தது, கையால் என்றால் மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கும். பட்டியலை அச்செடுத்து ஃபைலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பட்டியல் தப்பு.

தீபாவளி முடிந்த அடுத்த வாரம் ஒயர் சப்ளை செய்யும் பார்ட்டி கூப்பிட்டார். "ஏனுங்க, ஆகஸ்ட் பில்லுக்கு இன்னும் பணம் வரலைங்களே" என்றார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்து, "18,500 ரூபாய் செக், 18-10 அன்றைக்கே பாஸ் ஆகிவிட்டதுங்க" என்று சொன்னேன். இல்லை என்றார். ஆமாம் என்றேன். குரலை உயர்த்தியும் பேசிவிட்டேன். மறுநாள் அவர் அந்தச் செக்கையே படம் எடுத்து அனுப்பினார். அவர்கள் அலுவலகத்தில் ஒரு பழைய ஃபைலுக்குள் கிடந்திருக்கிறது. தேதி ஆகஸ்ட் 10. செக் மூன்று மாதம்தான் செல்லும் என்பதால் அதற்குள் காலாவதியும் ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். ஆகஸ்டில் அவருக்கு 004127 என்ற செக். அக்டோபரில் சுவிட்ச் போர்டு பார்ட்டிக்கு 004163. இரண்டும் 18,500. வங்கியில் பாஸ் ஆனது 004163. மென்பொருளோ அந்தத் தேதியை 004127-க்குப் போட்டுவிட்டது. தொகை ஒன்றே என்பதால் இருப்பு கச்சிதமாக ஒத்துப்போனது. பாக்கிப் பட்டியலில் 004163 நின்றது. அந்த மாதம்தான் கொடுத்த செக், பாஸ் ஆகாமல் இருப்பது சகஜம், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மூன்றாவது மாதமாகத் தொங்கும் 004127 அங்கே நின்றிருந்தால், செக் காலாவதியாவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே நான்தான் அவருக்குப் போன் செய்திருப்பேன்.

செக் எண் இருக்கும்போது ஏன் தொகையைப் பார்த்தது? வங்கியிலிருந்து இறக்கும் சி.எஸ்.வி. கோப்பை எக்செல்லில் திறந்து, தலைப்பு வரிகளை நீக்கிச் சேமித்துவிட்டுத்தான் ஏற்றுவேன். எக்செல் முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்றுவிடும். 004163 வெறும் 4163 ஆகிவிடும். எண் ஒத்துப்போகாதபோது மென்பொருள் தொகைக்கு இறங்கி, இருப்பதில் பழைய என்ட்ரியை எடுத்துக்கொள்கிறது. ஒரு எச்சரிக்கைகூடக் கிடையாது. அதாவது அத்தனை வருடமும் என் செக்குகள் தொகையை வைத்து மட்டுமே பொருத்தப்பட்டிருக்கின்றன. இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அதன் பிறகு, ஏற்றுவதற்கு முன் பக்கத்தில் ஒரு பத்தி போட்டு, செக் எண்ணை ஆறு இலக்கமாக்க ஆரம்பித்தேன்:

```
=IF(B2="","",TEXT(B2,"000000"))
```

அதை நகலெடுத்து, மதிப்பாக மட்டும் பழைய பத்தியில் ஒட்ட வேண்டும். சேமித்த பிறகு கோப்பை மறுபடி எக்செல்லில் திறந்து சேமித்தால் பூஜ்யங்கள் திரும்பவும் போய்விடும், அதில் கவனம். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு செக்குகள் எண்படியே பொருந்தின.

யு.பி.ஐ. வரவுகளுக்கு இது உதவாது. ஒரே நாளில் நாலு பேர் 500 அனுப்பினால், எது யாருடையது என்பதை 12 இலக்கக் குறிப்பு எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த எண்ணை எங்கள் ரசீதில் எழுதுகிற பழக்கம் இருந்தால்தான் அதுவும்.

நண்பனுக்கு என் பதில்: காலிக் கட்டம் அருமை, பொருந்தாதவற்றை எதிரெதிரே காட்டுவதும் அருமை. ஆனாலும் ஆன் பண்ணாதே. போன மாதம் நானே செக்குகளுக்கு மட்டும் அதை அணைத்துவிட்டேன். எண்ணைச் சரி செய்த பிறகு ஒரு தப்புகூட வரவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் மாதம் முப்பது நாற்பது செக்தான், ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்து எண்ணைப் படித்துப் படித்து நானே தேதி போடுகிறேன். பாக்கிப் பட்டியலில் அறுபது நாள் தாண்டிய செக் நின்றால் அன்றைக்கே அந்தப் பார்ட்டிக்குப் போன் போகிறது. ஒயர்க்காரருக்குப் புதுச் செக்கை நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்து, பழைய செக் என்ட்ரியை அன்றைய தேதியில் திருப்பி எழுதினேன். அவர் காபி வாங்கிக் கொடுத்தார். அக்டோபர் பட்டியலின் அச்சில் 004163-ஐ அடித்து 004127 என்று திருத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அந்தத் தாள் இன்னும் ஃபைலில் இருக்கிறது.