தினம் பத்து நிமிடம்: தொகைநூலா, ஒரே ஆசிரியரின் முழுத் தொகுப்பா?

கடலூரிலிருந்து புதுச்சேரி அலுவலகத்துக்கு நாள்தோறும் பேருந்தில் சென்று வரும் எனக்கு, வாசிப்புக்கென்று மிஞ்சுவது இரவு உணவுக்குப் பிந்தைய பத்து நிமிடங்கள்தாம். அந்த நேரத்துக்காகச் சென்ற ஆண்டு இரண்டு நூல்களை வாங்கினேன்: ஒன்று பல எழுத்தாளர்களின் சிறுகதைகள் அடங்கிய தொகைநூல், மற்றொன்று புதுமைப்பித்தன் கதைகளின் முழுத் தொகுப்பு. நேரமில்லாதவர்களுக்குத் தொகைநூலே ஏற்றது என்று நானும் நம்பியிருந்தேன். இப்போது அந்த எண்ணம் மாறிவிட்டது.

முழுத் தொகுப்பு கனமானது, பையில் எடுத்துச் செல்ல இயலாது. பலரையும் அறிமுகப்படுத்திக்கொள்ளத் தொகைநூலே வசதி. இவற்றில் விவாதத்துக்கு இடமில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்தது வேறொன்று: நூலை மறுபடி கையில் எடுத்ததும் கதைக்குள் நுழைய ஆகும் நேரம். கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில், பத்து நிமிடத்தில் என்னால் ஐந்து பக்கம் படிக்க முடிகிறது. தொகைநூலிலோ ஒருநாள் கி. ராஜநாராயணனின் கரிசல் பேச்சு, அடுத்த நாள் தி. ஜானகிராமனின் தஞ்சாவூர்ப் பேச்சு என்று குரல் மாறிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு புதிய ஆசிரியருக்கும் காது பழகுவதற்குள் முதல் இரண்டு மூன்று நிமிடங்கள் கழிந்துவிடுகின்றன. அரைமணி நேரம் படிப்பவருக்கு அது பெரிதில்லை. பத்து நிமிடத்தில் அது கால் பங்கு.

கதை நீளமாக இருந்தால் இழப்பு இன்னும் கூடுகிறது. அந்தத் தொகைநூலில் இருந்த ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’யை மூன்று இரவுகளில் படித்தேன். நெய்வேலியிலிருந்து வந்து எங்கள் கடலூரில் இறங்கும் கௌரிப் பாட்டியின் நடையிலும் தோற்றத்திலும் அவளுடைய நெடிய விதவை வாழ்க்கை முதலிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. பேத்தி கீதாவின் மறுமண முடிவைத் தெரிவிக்கும் கடிதத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்த விவரங்கள் எனக்கு மங்கிப்போயிருந்தன. பாட்டி எடுக்கும் முடிவின் கனம் முழுவதும் அவற்றின் மேல்தான் நிற்கிறது. பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் படித்தபோதுதான் அந்தக் கதை எனக்குக் கிடைத்தது. குறை கதையினுடையது அன்று, நான் அதைத் துண்டாக்கிய விதத்தினுடையது.

புதுமைப்பித்தனில் இந்தச் சிக்கல் பெருமளவு குறைந்தது. ஒரே குரல் என்பதால் பத்தாவது கதைக்குப் பிறகு முதல் வரியிலேயே உள்ளே போய்விட முடிகிறது. நான் வாங்கிய பதிப்பு கதைகளைக் காலவரிசையில் தருகிறது என்பதும் எதிர்பாராத உதவியாயிற்று. ‘பொன்னகரம்’ போன்ற 1934ஆம் ஆண்டுக் கதைகள் பல மிகச் சிறியவை. ஓர் இரவில் ஒன்றை முடித்து, கடைசிப் பத்தியை மறுபடி படிக்கவும் நேரம் இருக்கும். நீண்ட கதைகளில் பல பிற்காலத்தவை, ஆகவே அவற்றை எட்டும்போது வாசகர் அந்தக் குரலுக்கு முற்றிலும் பழகியிருப்பார். ‘துன்பக்கேணி’ இதற்கு விலக்கு. தொடக்க காலத்திலேயே வரும் நீண்ட கதை அது, விடுமுறை நாளுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

நீண்ட கதைகளிலும் துண்டாக்கத் தாங்குபவை உண்டு. ‘செல்லம்மாள்’ கதை அவளுடைய மரணத்தில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலை நம்பி அது நிற்கவில்லை. பிரமநாயகம் பிள்ளை அவளைப் பேணும் விதமே கதை என்பதால், எந்த இரவில் விட்டாலும் மறுநாள் அந்த வீட்டுக்குள் நேராக நுழைந்துவிட முடிகிறது. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ உரையாடலால் ஆனது, ஒரு பேச்சு முடியும் இடத்தில் நிறுத்தலாம்.

கடையில் நூலைப் புரட்டும்போது பொருளடக்கத்தைப் பார்த்து, அடுத்தடுத்த பக்க எண்களைக் கழித்துப் பாருங்கள். ஐந்து பக்கத்துக்குள் முடியும் கதைகள் பாதிக்கு மேல் இருந்தால் அந்த நூல் பத்து நிமிடத்துக்கு ஒத்துவரும். புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002இல் நாட்டுடைமையாக்கப்பட்டதால் பதிப்புகள் பல கிடைக்கின்றன. கதைக்குக் கீழே வெளியான ஆண்டைக் குறிப்பிடும் பதிப்பையே தேர்ந்தெடுங்கள்.

பக்க எண்ணிக்கை மட்டும் போதாது என்பதை மௌனியிடம் கற்றேன். அவர் எழுதியவை இருபத்துச் சொச்சம் கதைகளே, பெரும்பாலும் சிறியவை. ஆனால் ஒரு வாக்கியத்தை இரண்டு முறை படிக்க வேண்டியிருப்பதால் எனக்குப் பத்து நிமிடத்தில் இரண்டு பக்கம்கூட நகரவில்லை. நான்கு கதைகள்தாம் படித்திருக்கிறேன் என்பதால் அவரைப் பற்றி இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தொகைநூலையும் நான் கைவிடவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கென்று அலமாரியில் இருக்கிறது.