நாள் குறிக்க Poll, நாளை அறிவிக்க Event

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். பொதுக்குழுவுக்கு நாள் குறிக்கும் வேலை போன முறை என் தலையில் விழுந்தது. "எந்த நாள் வசதி?" என்று வாட்ஸ்அப் குழுவில் சும்மா கேட்டால் என்ன வரும் என்று தெரியும்: "எனக்கு எதுன்னாலும் சரி", நாலு கட்டைவிரல், நடுவில் யாரோ போட்ட குட்மார்னிங் படம். அதனால் Poll போட்டேன்.

போடும்போது ஒரு தப்பு செய்தேன். Allow multiple answers என்ற பொத்தானை அணைத்துவிட்டேன். ஆளுக்கு ஒரு ஓட்டு, அதுதானே நியாயம் என்று நினைப்பு. ஞாயிறு காலைக்கு 8, சனி மாலைக்கு 7, ஞாயிறு மாலைக்கு 5, சனி காலைக்கு 2. ஜெயித்தது ஞாயிறு காலை. ஆனால் மீதி 14 பேர் அந்த நேரத்தில் வர முடியுமா என்பதை இந்தக் கணக்கு சொல்லவே இல்லை. அதற்குள் "ஞாயிறு காலையா? கல்யாணம் இருக்கே" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

பொத்தானை இயக்கி, "வர முடிகிற நேரம் எல்லாவற்றையும் தொடுங்கள்" என்று கேள்வியை மாற்றி இன்னொரு முறை போட்டேன். சனி மாலை 16, ஞாயிறு காலை 11. பிடித்த நாளைக் கேட்பது வேறு, வரமுடிந்த நாளைக் கேட்பது வேறு. அப்புறம் View votes திறந்து பெயர்களைப் பார்த்தேன். கணவன் மனைவி இருவரும் தொட்ட வீடுகள் இரண்டு, ஆக வீட்டுக் கணக்கில் 14. அப்போதும் சனி மாலைதான்.

வாட்ஸ்அப்பிலேயே இருக்கும் Event, நாள் குறிக்கும் இந்த வேலைக்கு ஆகாது. அதில் ஒரே தேதிதான். வருகிறேன், வரவில்லை என்று பதில் சொல்லலாமே தவிர, வேறு நாள் சொல்ல இடமில்லை. நாள் முடிவாகாமலே Event போட்டால், வராதவர்கள் காரணத்தைக் குழுவில் எழுதத் தொடங்குவார்கள். முடிவான பிறகு அதைப்போல வசதி வேறில்லை. நேரம், இடம், வருகிறவர் பட்டியல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். நேரம் மாறினால் போட்டவரே திருத்தலாம். நாற்காலி எத்தனை என்று அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் சொன்னேன். Poll-ஓ மற்ற செய்திகளுக்கு அடியில் போய்விடும். குழுவின் உச்சியில் 7 நாளுக்குப் பின் செய்து வைத்ததால் தப்பித்தது.

குடும்பக் குழுவில் கதை வேறு. குலதெய்வக் கோயிலுக்குப் போக நாள் குறிக்க, முதலில் பெரியம்மா பஞ்சாங்கம் பார்த்துச் சொன்ன மூன்று நாளை மட்டும்தான் Poll-இல் போட்டேன். 12 வரை போடலாம்தான், போட்டால் ஓட்டு சிதறும். தாத்தா எதையும் தொடமாட்டார். அவருக்குப் போன்தான். "நீங்க முடிவு பண்ணிட்டு சொல்லுங்கடா" என்றார், பிறகு மூன்றில் இரண்டு நாள் ஆகாது என்றார்.