கராஜ் சுவரில் ஆறு வருசமாய்த் தொங்கும் எஞ்சின் படம்

கொக்குவிலில் என் கராஜில், வேலை மேசைக்கு நேரே மேலே ஒரு எஞ்சின் வெட்டுமுகப் படம் தொங்குகிறது. ஒரே சிலிண்டரை நாலு தரம் வரைந்த படம். உள்ளெடுத்தல், நெருக்கல், வலு, வெளியேற்றல் என்று நாலு அடிப்பு. பக்கத்தில் பெரிதாக ஒரு எஞ்சினைப் பாதியாக வெட்டி, கிராங், கொன்ரொட், பிஸ்ரன், வால்வு, கேம் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று காட்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாண ரவுணில் ஒரு கடையில் வாங்கினேன். வேலை பழக வரும் பெடியளுக்குக் காட்டத்தான்.

முதல் இரண்டு வருசம் குறை ஒன்றும் தெரியவில்லை. பிஸ்ரன் இறங்கும்போது காத்தும் பெற்றோலும் உள்ளே வருகிறது, ஏறும்போது நெருங்குகிறது என்று வாயால் பத்துத் தரம் சொன்னாலும் ஏறாதது, படத்தில் விரலை வைத்தால் ஒரு நிமிசத்தில் ஏறிவிடும். பிழை பிடிபட்டது ஒரு மொறிஸ் மைனரில்.

1098 சிசி எஞ்சின், வயசான ஐயா ஒருவருடையது. 90களில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின கார். என்னிடம் நின்ற தம்பி, பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் துடைக்க வயர் நாலையும் கழற்றினவன், எது எங்கே இருந்தது என்று அடையாளம் வைக்கவில்லை. பிறகு கிராங்கின் முன் நுனியில் சுற்றும் புலிச் சில்லின் வெட்டுக் குறியைக் கொண்டுவந்து முள்ளுக்கு நேரே நிறுத்தி, டிஸ்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர் பார்த்த பக்கத்தில் முதலாம் சிலிண்டர் வயரைச் செருகி, மற்றதையெல்லாம் சிலிண்டர்கள் வெடிக்கும் 1-3-4-2 ஒழுங்கில் போட்டான். ஒழுங்கு சரி. ஆனால் ஸ்ராட் பண்ணினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இடைக்கிடை காபரேற்றருக்குள்ளால் ‘டப்’ என்று வெடிக்கிறது. “மண்ணெண்ணெய்க் காலத்திலயும் உப்பிடித்தான் இருமும்” என்று ஐயா சிரித்தார். அதைக் கேட்டு நானும் அரை மணித்தியாலம் காபரேற்றரைக் கிண்டினேன்.

தம்பியைக் கேட்டேன்: “பிஸ்ரன் மேல நிக்கேக்க எந்த அடிப்பு எண்டு பாத்தனியே?” அவன் படத்தைக் காட்டி, “மேல வந்தா நெருக்கல்தானே அண்ணை” என்றான்.

அவனில் முழுப் பிழை இல்லை. நாலு அடிப்புக்குக் கிராங் இரண்டு சுற்றுச் சுற்றுகிறது, கேம் ஒரு சுற்றுத்தான். அதனால் புலிச் சில்லின் குறி நாலு அடிப்பு முடிவதற்குள் இரண்டு தரம் முள்ளுக்கு நேரே வரும். ஒருதரம் நெருக்கல் முடியும் இடம், மற்றது வெளியேற்றல் முடியும் இடம். பிஸ்ரன் இரண்டிலும் ஒரே உயரத்தில்தான் நிற்கும். பிஸ்ரனைப் பார்த்து வித்தியாசம் தெரியாது, வால்வைப் பார்க்கவேண்டும். படத்திலோ பிஸ்ரன்தான் பெரிது, அம்புக்குறி தடிப்பு. வால்வு விரல் நகமளவு.

வால்வுகளை அமத்தித் திறக்கும் ரொக்கர்களின் மூடியைக் கழற்றினோம். நெருக்கல் முடிவில் நிற்கிறதென்றால் முதலாம் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடி, ரொக்கர் இரண்டும் கொஞ்சம் ஆடவேண்டும். இங்கே நாலாம் சிலிண்டரில்தான் ஆட்டம் இருந்தது. முதலாவதில் வெளியேற்றும் வால்வு மூடி முடிய முன்னமே மற்றது திறக்கத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் பொறி விழுந்தால் நெருப்பு உள்ளெடுக்கும் வழியால் காபரேற்றருக்குப் போகாமல் எங்கே போகும்? முதலாம் வயரையும் நாலாவதையும் மாற்றினோம், இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றினோம். உடனே பிடித்தது.

மூடி கழற்ற வசதியில்லாத காரென்றால் பிளக்குகளைக் கழற்றி, முதலாம் ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். குறி நெருங்கும்போது காத்து விரலைத் தள்ளினால் அது நெருக்கல்.

அன்றைக்கே படத்துக்குப் பக்கத்தில் மார்க்கரால் ஐந்தாவது படமொன்று கீறினேன்: பிஸ்ரன் மேலே, இரண்டு வால்வும் கொஞ்சம் கொஞ்சம் திறந்தபடி. அச்சடித்த நாலிலும் ஒன்று முழுக்க மூடின பிறகுதான் மற்றது திறக்கிற மாதிரி இருக்கிறது. உண்மையில் அப்படி ஓடும் கார் என் கராஜுக்கு வந்ததில்லை.

இன்னொன்று, பெரிய வெட்டுமுகத்தில் கேம் தலையிலே, ரைமிங் பெல்ற்றோடு இருக்கிறது. மொறிஸில் கேம் கீழே புளொக்குக்குள் இருக்கும், வால்வைத் தள்ளுவது நீளக் கம்பி. பழைய கார் பழகுகிறவன் இந்தப் படத்தை நம்பி மேலே கேமைத் தேடுவான்.

வெயில் படும் சுவர் என்பதால் வெளியேற்றும் பக்கச் சிவப்பு வெளிறி, இப்போது வால்வு இரண்டும் ஒரே நிறம். வாங்குகிறவர்கள் நிழலில் மாட்டுங்கள். நாலு சிலிண்டரையும் ஒரே நேரத்தில் காட்டும் படம் கடையில் கிடைத்தால் இதை விட்டு அதை எடுங்கள். எனக்கு இன்னும் அகப்படவில்லை.