நாய்ப் பயம் தெளியப் படப் புத்தகமா, விளையாட்டா?

எங்கள் மகளுக்கு ஐந்து வயது நிறைந்த சில நாட்களில், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனை டீக்கடையருகே ஒரு நாய்க்குட்டி அவள் பாவாடையின் ஓரத்தைக் கவ்வி இழுத்தது. பல்லும் நகமும் உடம்பில் படவில்லை என்பதைப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். ஆனால் மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு நடந்து வர மறுத்தாள். இரண்டு வாரத்துக்குள் அந்தப் பயம் பூனைக்கும் பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் பரவிவிட்டது. அதன் பிறகு ஏறத்தாழ மூன்று மாதம் படப் புத்தகங்களையும் விளையாட்டையும் பயன்படுத்திப் பார்த்தோம். நான் விளையாட்டின் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புத்தகத்தின் வசதிகள் எல்லோரும் அறிந்தவைதான். செலவு குறைவு, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். ஆனால் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். 'முதலில் பயமுறுத்திய நாய் கடைசியில் நண்பனாகியது' என்ற போக்கில் அமைந்த கதைகளே எங்கள் கைக்கு அதிகம் கிடைத்தன. பயந்த குழந்தை கடைசிப் பக்கத்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை, பல்லைக் காட்டும் பக்கத்தையே வைத்துக்கொள்கிறது. எங்கள் மகள் அந்தப் பக்கம் வரும்போது உள்ளங்கையால் படத்தை மூடிக்கொள்வாள். கதையே இல்லாமல், நாயின் காது, வால், உறுமல் ஆகியவை எதைக் குறிக்கின்றன என்று காட்டும் தகவல் புத்தகம்தான் எங்களுக்குப் பயன்பட்டது. உடம்பு விறைத்து, வால் உயர்ந்து, ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கும் நாயிடமிருந்து விலக வேண்டும் என்று அதன் படங்களை வைத்துத்தான் கற்றுக்கொடுத்தோம்.

ஆனால் மூன்று வாரம் படித்த பிறகும், படத்திலிருந்த நாய்க்கு முத்தம் கொடுத்த அதே குழந்தை தெருமுனையில் என் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள். இதற்குக் காரணம் எளிது. அவள் பயந்தது நாயின் உருவத்துக்கு அன்று. அது திடீரென்று எழுந்து தன்னை நோக்கி வருமே என்பதற்கு. புத்தகத்து நாய் எழுந்து வருவதில்லை. ஆகவே அங்கே வந்த தைரியத்துக்குத் தெருவில் வேலை இருக்கவில்லை.

என் அலசலில் முடிவைத் தீர்மானித்த ஒரே அம்சம் இதுதான்: பயத்தின் படியை எவ்வளவு சிறிதாக நறுக்க முடிகிறது, அந்தப் படியை நிறுத்தும் அதிகாரம் குழந்தையின் கையில் இருக்கிறதா? 1924இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் பதிவு செய்த பீட்டர் என்ற சிறுவனின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. முயலுக்குப் பயந்த அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிடும்போது, அவன் சாப்பாடு தடைபடாத தூரத்தில் முயலை வைத்து, நாளடைவில் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார்கள். புத்தகத்தில் இப்படித் தூரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. விளையாட்டில் உண்டு.

நாங்கள் ஒரு பொம்மை நாயின் கழுத்தில் நூல் கட்டி, நூலின் மறுமுனையை மகளிடம் கொடுத்தோம். அவள் "வா" என்றால் பொம்மை ஒரு சாண் நகரும். "நில்" என்றால் நிற்கும். அடுத்து, கைப்பேசியில் நாய் குரைக்கும் ஒலியை வைத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானை அவளே அழுத்தும்படி விட்டோம். அதன் பின் நான் நாலு காலில் நாயானேன். பிறகு அவள் நாயானாள்; முதல் வாரம் முழுவதும் வீட்டில் இருந்த எல்லோரையும் கடித்தாள், ஆயாவை இரண்டு முறை. தடுக்காமல் விட்டோம். கடிக்கும் நாய் மெல்ல மெல்லப் பசித்த நாயாகவும், பிறகு தூங்கும் நாயாகவும் மாறியதைக் கண்டபோதுதான் அடுத்த படிக்கு நேரம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. கூடவே 'மரம்' என்று ஒரு ஆட்டம்: நாய் வந்தால் ஓடாமல், கையை உடம்போடு ஒட்டி, நாயின் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும். ஓடினால் துரத்துவது நாயின் இயல்பு என்பதால், தெருவில் உண்மையில் கைகொடுத்தது இதுதான்.

தெருவில் அளவுகோல் கரண்ட் கம்பங்கள். பயத்தின் அளவைச் சொல்ல ஐந்து புளியங்கொட்டைகள் அவள் கையில் இருக்கும். டீக்கடையிலிருந்து ஐந்தாவது கம்பத்தில் நின்று, "எத்தனை கொட்டை பயம்?" என்று கேட்டேன். நான்கு கொடுத்தாள். அங்கேயே நின்று, கடை வாசலில் படுத்திருந்த நாயின் வால் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணினோம். பத்து நிமிடம் போல ஆனதும் இரண்டாகக் குறைந்தது. அப்போதுதான் வீடு திரும்பினோம். பயம் உச்சத்தில் இருக்கும்போது தூக்கிக்கொண்டு வந்துவிட்டால், தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்ற பாடமே குழந்தையின் மனதில் தங்கும். மறுநாள் அதே கம்பத்தில் போய் நின்றவுடனேயே ஒன்றோ இரண்டோ கொடுத்தால் மட்டும் நான்காவது கம்பம்.

ஒரு நாள் எல்லாம் நன்றாகப் போகிறதே என்று நான் இரண்டு கம்பங்களை ஒரேயடியாகக் கடந்தேன். நாய் எழுந்து குரைத்தது, அவள் என் கையை உதறிவிட்டு நடுத்தெருவுக்கு ஓடினாள். தவறு முழுக்க என்னுடையது. நான்கு நாள் வீட்டுக்குள் நூல் கட்டிய பொம்மைக்கே திரும்பினோம். இன்னொரு தடை வீட்டுக்குள்ளேயே இருந்தது: சாப்பிட அடம்பிடித்தால், நாயிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டும் பழக்கம். ஆயாவிடம் தனியாகச் சொல்லி அதை நிறுத்தச் செய்தோம்.

கடைசிப் படி நிஜ நாய். காட்பாடியில் இருக்கும் என் அண்ணன் வீட்டில், தடுப்பூசி போட்ட, வயதான, சங்கிலியில் கட்டிய நாய். அண்ணன் மகன் இவளைவிட ஒரு வயது மூத்தவன். அவன் நாய்க்குத் தண்ணீர் வைப்பதையும் சீப்பால் வாருவதையும் நான்கு முறை தூரத்தில் இருந்து பார்த்த பிறகே இவள் அருகே போனாள். நாய்க்குப் பயந்த சிறு குழந்தைகள் தம் வயதொத்த சிறுவன் ஒருவன் படிப்படியாக நாயோடு நெருங்கிப் பழகுவதைப் பார்த்தே பயம் தெளிந்ததை உளவியலாளர் ஆல்பர்ட் பந்துராவும் உடனிருந்தோரும் 1967இல் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கண்டதும் அதுவே. தலையில் கை வைக்காமல், நாய் முகர்ந்து முடித்த பின் தோள்பட்டையில் தடவுவது என்பது விதி. தெரு நாயைத் தொடுவது எந்தப் படியிலும் இல்லை. தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் ஆகியவற்றிடமிருந்து விலகி நடக்க வேண்டும் என்ற பயம் அவளிடம் மிஞ்சியிருப்பதே எனக்கு விருப்பம். நாய் கடித்தாலோ கீறினாலோ மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும், 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி ஊசிக்குப் போக வேண்டும் என்பதையும் விளையாட்டாகவே, பொம்மையின் காலைக் கழுவிப் பழக்கினோம்.

புத்தகம் முந்துகிற இடமும் உண்டு. பாம்பு, குரங்கு போன்றவற்றைப் பழகிப் பார்க்க முடியாது, பழகவும் கூடாது. அவற்றுக்குப் படமும் அமிர்தி உயிரியல் பூங்காவின் வேலியும் போதும். என் அனுபவம் ஒரே ஒரு குழந்தையோடு நின்றுவிடுகிறது. கடிபட்ட குழந்தைக்கும், ஆறு மாதத்துக்கு மேலாகியும் வீட்டை விட்டு வெளியே வர மறுக்கும் குழந்தைக்கும் இந்தக் கம்பக் கணக்கை நானாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்ப்பதே முறை.

இப்போது டீக்கடை வாசலில் அவள் கொடுப்பது ஒரு கொட்டை. பூனைக்கும் ஆட்டுக்கும் தனியாக எதுவும் செய்யவில்லை; அந்தப் பயம் தானாகவே வடிந்தது. சென்ற மாதம் பொய்கை மாட்டுச் சந்தைக்கு அழைத்துப் போனபோது மட்டும் ஐந்தையும் என் கையில் திணித்துவிட்டு, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று என் சட்டைப் பையைத் துழாவினாள்.