எக்செல் மஸ்டர் ரோல்: அடித்தளம் முதல் பூச்சு வேலை வரை ஓட்டிப் பார்த்த அனுபவம்

அடித்தளம் தோண்டிய காலத்தில் ஆட்களின் தினசரி வருகையையும் கூலியையும் பதிய ஒரு ஆயத்த எக்செல் மஸ்டரை எடுத்து ஆரம்பித்தோம். இப்போது பூச்சு வேலை நடக்கிறது, இன்னும் அதே ஃபைல்தான். இடையில் கட்டண ஆப்புகள் சிலவற்றையும் பார்த்தோம், ஆனால் திரும்பத் திரும்ப இதற்கே வந்துவிட்டோம். வாரக் கடைசியில் மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து "இந்த ஆளுக்கு எத்தனை போட்டிருக்கீங்க" என்று கேட்கும்போது, விரலை வைத்துக் காட்ட ஒரு வரிசை இருப்பது பெரிய வசதி.

அமைப்பு எளியது. ஒரு ஆளுக்கு ஒரு வரிசை. A-யில் ஆள் எண், B-யில் பெயர், C-யில் ஒப்பந்ததாரர், D-யில் தொழில் (கொத்தனார், பெரியாள், சித்தாள், கம்பி, சென்ட்ரிங்), E-யில் நாள் கூலி. F முதல் AJ வரை 31 நாள். AK-யில் மொத்த ஆள் கணக்கு, AM-இல் கூலி. இன்னொரு ஷீட்டில் ஒப்பந்ததாரர் வாரியாக மொத்தம், மூன்றாவதில் தொழில் வாரியாக அன்றன்றைய வருகை.

முதலில் மாற்றியது, வந்தவருக்கு P, அரை நாளுக்கு H, வராதவருக்கு A என்று போடும் எழுத்துகளைத்தான். டெம்ப்ளேட் COUNTIF வைத்து P-களை எண்ணியது. P-க்குப் பின்னால் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்தால் அது எண்ணிக்கையில் வராது, கண்ணுக்கும் தெரியாது. எழுத்தை எடுத்துவிட்டு 1, 0.5, 1.5 என்று எண்ணாகவே போட ஆரம்பித்தோம். வராதவருக்கு 0. வெற்றுக் கட்டம் என்றால் "இன்னும் பதியவில்லை" என்று மட்டுமே பொருள். இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டால், மாதக் கடைசியில் COUNTBLANK போட்டதும் எந்த நாள் பதியாமல் விட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

எண்ணுக்கு மாறினாலும் ஒரு வம்பு இருக்கிறது. அரை நாளுக்கு 1/2 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். தேதி என்பது உள்ளே நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஒரு எண், அதனால் அந்த ஆளின் கூலி எங்கேயோ போய் நிற்கும். அது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரியும். மோசமானது ½ என்ற குறியைப் போனிலிருந்து போடுவது. அது எழுத்து என்பதால் SUM அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், ஆளுக்கு அரை நாள் போய்விடும். Data Validation-இல் 0, 0.5, 1, 1.5, 2 மட்டும் என்று பட்டியல் வைத்தால் இரண்டுமே நுழையாது. ஆனால் வேறு இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டினால் அந்தத் தடையும் சேர்ந்து அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது 1.5-இன் கதை. கான்கிரீட் போட்ட ஒரு நாளில் 8 பெரியாள் ராத்திரி வரை நின்றார்கள், ஆளுக்கு 1.5 போட்டோம். தொழில் வாரிப் பட்டியல் 12 பெரியாள் என்று காட்டியது. கூலிக்கு 12 சரி. ஆனால் அந்தத் தாளை வாங்கிப் பார்த்த கன்சல்டன்ட் இன்ஜினியர், கேட் நோட்டில் 8 பேர்தானே இருக்கிறார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆள் கணக்கு வேறு, தலை எண்ணிக்கை வேறு. டெம்ப்ளேட் முதலாவதை மட்டும் கொடுத்தது. கீழே உள்ள இரண்டையும் அடுத்தடுத்து வைத்த பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

```
ஆள் கணக்கு:
=SUMIFS(Muster!F$5:F$204,Muster!$D$5:$D$204,$A3)
தலை எண்ணிக்கை:
=COUNTIFS(Muster!$D$5:$D$204,$A3,Muster!F$5:F$204,">0")
```

இதெல்லாம் சில்லறை. இந்த ஃபைலின் உண்மையான பலவீனம் மாதத்தின் நடுவில்தான் தெரியும். ஒரு வரிசையில் ஒரே தொழில், ஒரே கூலி, ஒரே ஒப்பந்ததாரர். சைட்டில் ஆட்கள் அப்படி நிற்பதில்லை.

எங்கள் பூச்சு ஒப்பந்ததாரரிடம் ஒரு பெரியாள் கரண்டி பிடித்துப் பழகி, 16-ஆம் தேதி முதல் கொத்தனார் ஆனார். கூலி 600-இலிருந்து 900. எல்லோருக்கும் தோன்றும் வழி, D-யில் தொழிலையும் E-யில் கூலியையும் மாற்றுவது. அவர் முதல் பாதியில் 13 நாள், பின்பாதியில் 12 நாள் வந்தவர். வரவேண்டியது 13 × 600 + 12 × 900, அதாவது 18,600. வரிசையை மாற்றினால் ஷீட் 25 × 900 போட்டு 22,500 காட்டும். 3,900 அதிகம். ஒப்பந்ததாரர் மொத்தத்தில் அது கரைந்துபோகும், பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு தடயம் உண்டு. தொழிலை மாற்றியதும் பழைய தேதிகளின் வருகையும் மாறிவிடும். 5-ஆம் தேதி கையெழுத்தான தினசரி அறிக்கையில் 4 கொத்தனார், 6 பெரியாள் என்று இருக்கும். ஷீட் இப்போது 5 கொத்தனார், 5 பெரியாள் என்று சொல்லும். மொத்தம் 10 என்பது மாறாததால் மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் சிக்காது, தொழில் வாரியாகத்தான் ஒப்பிட வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு நாளும் தொழில் வாரி வருகையை அச்செடுத்து மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்குகிறோம். தாள் வீண் என்று சொல்பவர்கள் இந்த ஒரு இடத்தை யோசித்தால் போதும்.

தீர்வு, பழைய வரிசையை 15-ஆம் தேதியோடு நிறுத்தி, மீதிக் கட்டங்களில் 0 போட்டு, அதே ஆள் எண்ணில் கீழே புது வரிசை தொடங்குவது. புது வரிசையின் முதல் பாதியிலும் 0. ஒப்பந்ததாரர் மாறினாலும் இதே முறைதான். இதற்கு ஒரு விலை உண்டு. ஒரே ஆள் இரண்டு வரிசையில் இருப்பதால் ஒரே நாளுக்கு இரண்டிலும் 1 விழ வாய்ப்பிருக்கிறது. F5:AJ204-ஐத் தேர்ந்தெடுத்து Conditional Formatting-இல் இதைப் போட்டு வைத்திருக்கிறோம்:

```
=AND(F5>0,COUNTIFS($A$5:$A$204,$A5,F$5:F$204,">0")>1)
```

சிவப்பாகும் கட்டம் எல்லாம் தவறு என்று இல்லை. காலையில் ஒருவரிடமும் மதியத்துக்கு மேல் இன்னொருவரிடமும் வேலை செய்தவர் 0.5 + 0.5 என்று சிவப்பில் வருவார். பார்த்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் அன்றைய தலை எண்ணிக்கையில் அவர் இரண்டு பேராக வருவார், அதைக் கையால்தான் கழிக்க வேண்டியிருக்கிறது. பெயரை வைத்துத் தேடாமல் ஆள் எண்ணை வைத்துத் தேடுவதற்குக் காரணம், ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இல்லாத சைட் இல்லை.

ஒப்பந்ததாரர் மொத்தத்தைப் பற்றி ஒன்று. பெயரைக் கையால் அடித்தால் கடைசியில் ஒரு இடைவெளி சேர்ந்தாலே SUMIFS அந்த வரிசையை விட்டுவிடும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். கூடவே AM-இன் மொத்தத்தையும் ஒப்பந்ததாரர்களின் கூட்டுத் தொகையையும் கழித்து ஒரு கட்டத்தில் காட்டுங்கள். அது 0 ஆகாதவரை பில்லில் கையெழுத்துப் போடுவதில்லை. முன்பணத்தை ஆள் வரிசையில் வைக்காமல் ஒப்பந்ததாரர் பட்டியலில் கழிக்கிறோம், ஏனென்றால் பணம் வாங்குவது அவர்தான்.

அளவு வேலைக்கு எடுத்தவர்களுக்கு இந்த ஃபைல் கூலி சொல்லாது. டைல்ஸ் ஆட்களுக்கு E-யில் 0 போட்டுவிட்டு வருகையை மட்டும் பதிகிறோம். பில் அளவுப் புத்தகத்திலிருந்து வரும். ஆனால் பதித்த சதுர அடியை ஆள் கணக்கால் வகுத்துப் பார்த்ததில், பக்கத்துத் தளத்தை விட ஒரு தளத்தில் வேலை பாதி வேகத்தில் நடந்தது தெரிந்தது. போய்ப் பார்த்தால், அந்தத் தளத்துக்கு டைல்ஸ் தூக்கிக் கொடுக்க ஆளே இல்லை, கொத்தனார்களே இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள்.