கருத்தறிதல் வகுப்பில் கேள்வி யாருடையதாக இருக்க வேண்டும்?

சிங்கப்பூர்த் தமிழ் வகுப்புகளில் ஒரு பகுதியைப் படித்துப் புரிந்துகொள்ள மாணவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. திரும்பத் திரும்பப் படித்து, வண்ணப் பேனாவால் கோடு போடுவார்கள். அல்லது ஆசிரியர் கொடுத்த சுயவிடைக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவார்கள். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: அந்தப் பகுதிக்கான கேள்விகளை மாணவர்களே எழுதுவது. வகுப்பில் இதற்கு நேரம் ஒதுக்கச் சொல்லி நான் வாதாடுவேன். ஆனால் எந்த நிலையில் இது பலன் தருகிறது, எங்கே தருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திரும்பப் படிப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டாம் முறை படிக்கும்போது வரிகள் பழகிப் போகின்றன. அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகள் புரிதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

முதலில் ஆசிரியரின் கேள்விகள். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: “தொமுங்கர் கீவலைப் பலிந்தார்.” இதில் எந்தச் சொல்லுக்கும் பொருள் இல்லை. ஆனாலும் “தொமுங்கர் எதைப் பலிந்தார்?” என்று கேட்டால், “தொமுங்கர் கீவலைப் பலிந்தார்” என்று முழு வாக்கியத்தில் எழுதிவிடலாம், முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். கேள்வியில் உள்ள சொல்லைப் பகுதியில் தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதுவதில் நம் பிள்ளைகள் தேர்ந்தவர்கள். வீட்டில் ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளைக்கு அது கைகொடுக்கும் உத்தியும்கூட. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் கேட்கும் கேள்வி அதற்கு மேல் எதையும் கோருவதில்லை.

இப்போது ஓர் உண்மையான பகுதி. தொடக்கநிலை 5-க்கோ 6-க்கோ பொருந்தும்படி சுருக்கித் தருகிறேன்:

(1) 1977-இல் பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப் படுகையையும் பத்து ஆண்டுகளில் தூய்மைப்படுத்த வேண்டும் என்று இலக்கு வைத்தார். (2) ஆற்றோரத்தில் வசித்த குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடு கொடுக்கப்பட்டது. (3) தெருவோர உணவுக் கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்கு மாறினார்கள். (4) பன்றி, வாத்துப் பண்ணைகள் அகற்றப்பட்டன. (5) சரக்குப் படகுகள் 1983-இல் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. (6) 1987-இல் பணி முடிந்தபோது ஆற்றில் மீன்கள் மீண்டும் வாழத் தொடங்கியிருந்தன.

“சரக்குப் படகுகள் எங்கு மாற்றப்பட்டன?” என்று ஆசிரியர் கேட்டால், ஐந்தாம் வரியை எடுத்து எழுதினால் போதும். பகுதி எதைப் பற்றியது என்றே தெரியாமல்கூட எழுதலாம்.

அதே பகுதியைக் கொடுத்து “நீங்களே கேள்வி எழுதுங்கள்” என்று மட்டும் சொன்னால் என்ன வரும்? “யார் இலக்கு வைத்தார்?”, “பணி எப்போது முடிந்தது?” போன்றவைதான் வரும். இவை ஆசிரியரின் கேள்வியை விட மோசம். பல ஆசிரியர்கள் இந்த இடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். கேள்வி எழுதுவது ஒரு திறன். அதைக் கற்றுக் கொடுக்காமல் கேட்டுப் பெற முடியாது. இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் ரோசன்ஷைனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கட்டுரை, மாணவர்களுக்குக் கேள்விச் சொற்களையோ பொதுவான கேள்வித் தொடக்கங்களையோ கொடுத்துப் பழக்கிய வகுப்புகளில் நல்ல பலன் கிடைத்ததைக் காட்டியது.

அதனால் நான் கரும்பலகையில் மூன்று தொடக்கங்களை எழுதிவிடுவேன். “……க்கும் ……க்கும் என்ன தொடர்பு?”, “…… நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?”, “…… என்று பகுதி சொல்கிறது, ஆனால் ஏன்?” ஆளுக்கு இரண்டு கேள்வி போதும். ஒன்றின் விடை ஒரே வரியில் இருக்கலாம். மற்றதன் விடைக்குக் குறைந்தது இரண்டு வரிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்க வேண்டும். கேள்விக்குக் கீழே விடையையும், அது எந்தெந்த வரிகளிலிருந்து வந்தது என்பதையும் எழுத வேண்டும். விடை எழுதச் சொல்லாவிட்டால் அழகான, ஆனால் பகுதியோடு ஒட்டாத கேள்விகள்தான் வந்து விழும்.

இப்படிக் கேட்டால் வருகிற கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு: “பண்ணைகள் ஆற்றோரத்தில் இருந்ததாகப் பகுதி சொல்லவில்லை. அப்படியானால் ஆற்றைச் சுத்தம் செய்ய அவற்றை ஏன் அகற்றினார்கள்?” இதற்கு விடை எழுத உட்காரும் பிள்ளை, முதல் வரிக்குத் திரும்பி ‘ஆற்றுப் படுகை’ என்பதில் நிற்க வேண்டியிருக்கும். பண்ணைக் கழிவு கால்வாய்கள், ஓடைகள் வழியாக ஆற்றுக்கு வந்து சேர்கிறது. அதனால் கரையை மட்டும் சுத்தம் செய்தால் போதாது என்று அப்போதுதான் தோன்றும். இரண்டிலிருந்து ஐந்து வரையான வரிகள் தனித்தனிச் செய்திகளல்ல, அழுக்கு வரும் நான்கு வழிகளை அடைத்த கதை என்பது அந்த ஒரு கேள்வியால் விளங்கிவிடும். படகைப் பற்றிய ஆசிரியரின் கேள்வி இந்த இடத்துக்குக் கொண்டுபோகாது.

தவறான கேள்வியும் வீண் போவதில்லை. “மீன்கள் திரும்பி வந்ததும் கடைக்காரர்கள் ஏன் ஆற்றோரத்துக்குத் திரும்பவில்லை?” என்று ஒரு பிள்ளை எழுதினால், கடைகள் மாறியதற்கு மீன் இல்லாததுதான் காரணம் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது என்று தெரிகிறது. அதே பிள்ளை ஆசிரியரின் கேள்விக்கு “உணவங்காடி நிலையங்களுக்கு மாறினார்கள்” என்று சரியாக எழுதியிருக்கும். சரி என்று போட்டுவிட்டு நாமும் கடந்திருப்போம்.

அப்புறம், எழுதியதைப் பக்கத்து நண்பரிடம் கொடுக்க வேண்டும். பகுதியைப் பார்க்காமலேயே அவர் விடை சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி செல்லாது. “ஆற்றைச் சுத்தமாக வைத்திருப்பது ஏன் முக்கியம்?” என்பது இந்தச் சோதனையில் உடனே விழுந்துவிடும்.

இனி இதன் குறைகள். வைன்ஸ்டைன், மெக்டெர்மட், ரோடிகர் ஆகிய மூவரும் 2010-இல் கல்லூரி மாணவர்களிடம் இதே மூன்று வழிகளையும் ஒப்பிட்டார்கள். கேள்வி எழுதியவர்களும், கொடுத்த கேள்விக்குப் பதில் எழுதியவர்களும் திரும்பப் படித்தவர்களை முந்தினார்கள். ஆனால் அந்த இரு குழுக்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. கேள்வி எழுதியவர்களுக்குத்தான் அதிக நேரமும் ஆனது. ஆகவே தகவல் மனத்தில் நிற்பது மட்டுமே நோக்கம் என்றால், ஆசிரியரின் கேள்வியே சிக்கனமான வழி. கேள்வி எழுதுவதன் கூடுதல் பலனை நான் பார்ப்பது வரிகளுக்கு இடையிலான தொடர்பைத் தேட வைப்பதிலும், தவறான புரிதலை வெளியே கொண்டு வருவதிலும்தான்.

இன்னொரு குறை, புரியாத இடத்தை மாணவர்கள் ஒதுக்கிவிடுவது. வகுப்பு எழுதிய வரி எண்களைச் சேர்த்துப் பாருங்கள். நான்காம் வரியிலிருந்து யாருமே கேள்வி எடுக்கவில்லை என்றால், வகுப்பு தடுக்கி நின்ற இடம் அதுதான். அந்த வரிக்கு மட்டும் ஆசிரியர் கேள்வி கேட்க வேண்டும்.

தேர்வுக்கு முந்தைய வாரங்களில் நான் ஆசிரியரின் கேள்விகளுக்கே போவேன். அங்கே பயிற்சி தேவைப்படுவது நேரத்துக்குள் விடை எழுதுவதற்கு. ஆண்டின் மற்ற மாதங்களில் இரண்டு பகுதிக்கு ஒன்றையாவது பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடுவேன். அவற்றில் சிறந்த இரண்டை அடுத்த பயிற்சித்தாளில் அப்படியே சேர்த்துவிடுவேன்.